42-க்குச் செய்வதா, 35-க்கு வாங்குவதா: ஒரு வால்வு பாடியின் கணக்கு

தண்ணீர் பம்பு தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். பம்புக்குள் பொருத்தும் வால்வு பாடியை அது தானே செய்துகொள்கிறது. வார்ப்பு வெளியிலிருந்து வருகிறது. அதை லேத்தில் கடைந்து, துளையிட்டு, அழுத்தச் சோதனை செய்து, பம்பு கோக்கும் பிரிவுக்கு அனுப்புகிறார்கள். ஆண்டுக்கு 20,000 வால்வு பாடிகள் வேண்டும். நிகழ்வு நான் அமைத்தது. எண்கள் தலையில் நிற்க வேண்டும் என்பதற்காக முழு எண்களாக வைத்திருக்கிறேன், எந்த நாணயத்திலும் வாசித்துக்கொள்ளலாம். ஆனால் இதில் வரும் ஒவ்வொரு சிக்கலும் உண்மையான தொழிற்சாலைகளில் வருவதுதான்.

ஒரு நாள் கொள்முதல் மேலாளர் ஒரு விலைப்புள்ளியோடு கணக்காளரிடம் வருகிறார். அதே வரைபடம், அதே உலோகம், அதே சோதனை. ஒன்று 35-க்குத் தர ஒரு சப்ளையர் தயார், மூன்று ஆண்டு ஒப்பந்தம். தொழிற்சாலையின் அடக்கவிலைத் தாளோ இப்படிச் சொல்கிறது:

| ஒரு வால்வு பாடிக்கு | தொகை |
|---|---|
| மூலப்பொருள் | 14 |
| நேரடிக் கூலி | 10 |
| மாறும் மேற்செலவு | 4 |
| பிரிவின் நிலையான செலவு | 8 |
| பொதுத் தொழிற்சாலைச் செலவில் பங்கு | 6 |
| மொத்தம் | 42 |

"42-க்குச் செய்வதை 35-க்குத் தருகிறார்கள். ஒன்றுக்கு 7, ஆண்டுக்கு 1,40,000 மிச்சம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது மேடம்?" என்கிறார் அவர்.

கேள்வி நியாயமானது. தாளில் கூட்டல் பிழையும் இல்லை. ஆனால் 42 என்ற எண் வேறொரு வேலைக்காகப் பிறந்தது. ஆண்டு முடிவில் கையிருப்புச் சரக்கை மதிப்பிடும்போது உற்பத்தியின் நிலையான செலவிலும் ஒரு பங்கை ஒவ்வொரு பொருளின் மேலும் ஏற்ற வேண்டும். சர்வதேசக் கணக்கியல் தரநிலை IAS 2 அப்படித்தான் கேட்கிறது, அதுவும் வழக்கமான உற்பத்தித் திறனை வைத்துப் பங்கிடச் சொல்கிறது. அந்த வேலைக்கு 42 சரியான எண். "வெளியில் வாங்கினால் எவ்வளவு பணம் மிஞ்சும்?" என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமானால் தாளின் ஒவ்வொரு வரியிடமும் ஒன்றைக் கேட்க வேண்டும்: நாளை முதல் வெளியில் வாங்கினால், இந்தத் தொகையில் யாருக்குக் கொடுக்கும் பணம் நின்றுபோகும், எந்தத் தேதியில் நிற்கும்? ஆள் பெயரோ நிறுவனத்தின் பெயரோ சொல்ல முடியவில்லை என்றால் அந்தச் செலவு நிற்கப்போவதில்லை. முடிவோடு தொடர்புடைய செலவு என்று பாடப்புத்தகம் சொல்வது இந்தக் கேள்வியைத் தாண்டி வரும் தொகையைத்தான்.

கணக்காளர் விலைப்புள்ளியை வாங்கி வைத்துக்கொண்டு, உற்பத்தி மேலாளரை அழைத்துக்கொண்டு பட்டறைக்குப் போகிறார். இந்தக் கணக்கை மேசையில் உட்கார்ந்தபடி போட முடியாது.

வரி வரியாக

மூலப்பொருளில் குழப்பம் இல்லை. வார்ப்பு வாங்குவது நின்றால் ஆண்டுக்கு 2,80,000 நின்றுபோகும். மின்சாரம், வெட்டுக்கருவி, எண்ணெய் என்று போகும் மாறும் மேற்செலவு 80,000-மும் அப்படியே.

கூலியில்தான் முதல் இடறல். தாளில் ஒன்றுக்கு 10 என்று இருப்பதால் அது பொருளோடு ஏறி இறங்கும் செலவு போலத் தெரிகிறது. பட்டறையில் இருப்பது எட்டுப் பேர், ஆளுக்கு ஆண்டுக்கு 25,000. ஐந்து பேர் ஒப்பந்தத் தொழிலாளிகள். அவர்களுடைய ஒப்பந்தம் ஆண்டு முடிவில் புதுப்பிக்கப்படாவிட்டால் 1,25,000 நின்றுவிடும். மற்ற மூவர் நிரந்தரம். வால்வு பாடி வேலை போனாலும் சம்பளம் போகாது, வேறு பிரிவில் அவர்களுக்குக் காலியிடமும் இல்லை. ஆக 2,00,000-ல் 75,000 தொடரும். மாறும் செலவு என்று பெயர் வைத்துவிட்டதாலேயே ஒரு செலவு தவிர்க்கக்கூடியது ஆகிவிடாது. இந்த ஒரு வரியில் மட்டும் ஏமாந்து தவறான முடிவுக்குப் போனவர்கள் நிறைய.

அடுத்து, பிரிவின் நிலையான செலவு. ஒன்றுக்கு 8, ஆண்டுக்கு 1,60,000. நிலையானது என்றாலே தவிர்க்க முடியாதது என்று நினைப்பது மேலே சொன்ன தவறின் மறுபக்கம். இதை நான்காகப் பிரித்தால்தான் உள்ளே இருப்பது தெரியும்.

பிரிவில் இரண்டு லேத்துகள். ஒன்று வாடகைக்கு எடுத்தது, ஆண்டு வாடகை 40,000, ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிப்பது. வால்வு பாடி இல்லையென்றால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் மாறாத செலவுதான் இது, ஆனாலும் முழுக்கத் தவிர்க்கக்கூடியது. அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வெளி நிறுவனத்துக்குக் கொடுக்கும் 15,000-மும் அப்படித்தான்.

மேற்பார்வையாளர் சம்பளம் 45,000. இவர் நிரந்தர ஊழியர், வெளியே அனுப்பப் போவதில்லை. அப்படியானால் மிச்சம் பூஜ்யமா? இல்லை. பம்பு கோக்கும் பிரிவில் ஒரு மேற்பார்வையாளர் ஓய்வு பெறுகிறார், அந்த இடத்துக்குப் புதிதாக ஒருவரை 36,000 சம்பளத்தில் எடுக்க இருந்தார்கள். வால்வு பாடிப் பிரிவை மூடினால் இவரையே அங்கே மாற்றலாம். அப்போது நிற்கப்போவது இவருடைய 45,000 அல்ல, வராமல் போகும் புது ஆளின் 36,000. கணக்கில் எழுத வேண்டியது அந்த எண். ஓய்வு பெறுபவர் யாரும் இல்லாவிட்டால் இந்த வரியில் எழுத வேண்டியது பூஜ்யம்.

கடைசியாகச் சொந்த லேத், துளையிடும் இயந்திரம், சோதனை மேடை ஆகியவற்றின் தேய்மானம் 60,000. இயந்திரம் வாங்கிய பணம் என்றோ போய்விட்டது. தேய்மானம் அந்தப் பழைய பணத்தை ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதும் பதிவு மட்டுமே, யாருக்கும் காசோலை போவதில்லை. இதை விட்டுவிட வேண்டும். இத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் ஒன்றை மறந்துபோகிறார்கள். அந்த இயந்திரங்களுக்கு இன்று சந்தையில் ஒரு விலை உண்டு. விசாரித்ததில் இன்று விற்றால் 90,000, மூன்று ஆண்டு ஓட்டிய பிறகு விற்றால் 30,000 என்று தெரிகிறது. வைத்துக்கொண்டே இருந்தால் மூன்று ஆண்டில் 60,000 கரையும், ஆண்டுக்கு 20,000. தாளில் தேய்மானமாக இருந்த 60,000-க்குப் பதிலாகக் கணக்கில் வர வேண்டியது இந்த 20,000.

பொதுத் தொழிற்சாலைச் செலவின் பங்கு 1,20,000: வாயிற்காவல், தொழிற்சாலை நிர்வாக அலுவலகம், கட்டட வாடகை. வால்வு பாடி போய்விட்டால் காவலாளி வீட்டுக்குப் போகப் போவதில்லை. முழுவதும் தொடரும். இதன் பின்விளைவு ஒன்று உண்டு, அதைப் பிறகு பார்ப்போம்.

வாங்கும் பக்கத்திலும் 35 மட்டும் போதாது. லாரிக் கூலி ஒன்றுக்கு 1. வந்து இறங்கும் சரக்கைச் சோதிக்க ஒருவரைப் பகுதி நேரத்துக்கு எடுக்க வேண்டும், ஆண்டுக்கு 12,000. ஆக 7,00,000 + 20,000 + 12,000, மொத்தம் 7,32,000.

| வாங்கினால் நின்றுபோகும் செலவு | ஆண்டுக்கு |
|---|---|
| மூலப்பொருள் | 2,80,000 |
| ஒப்பந்தக் கூலி | 1,25,000 |
| மாறும் மேற்செலவு | 80,000 |
| மேற்பார்வை | 36,000 |
| லேத் வாடகை | 40,000 |
| கருவி சரிபார்ப்பு | 15,000 |
| இயந்திர மதிப்புக் கரைவு | 20,000 |
| மொத்தம் | 5,96,000 |

5,96,000 மிச்சமாக்க 7,32,000 செலவழிக்க வேண்டும். ஆண்டுக்கு 1,40,000 லாபம் என்று வந்த யோசனை, பணம் போகும் வழியைப் பின்தொடர்ந்து பார்த்தால் ஆண்டுக்கு 1,36,000 நஷ்டம். ஒன்றுக்கு 6.80. சப்ளையர் 28.20-க்கு இறங்கி வந்தால்தான் இரண்டும் சமம்.

"அந்த இடம் சும்மாவா இருக்கும்?"

கொள்முதல் மேலாளர் விடவில்லை, விடவும் கூடாது. அவர் அடுத்துக் கேட்டது இந்த விஷயத்தின் உயிர்நாடியான கேள்வி. "நீங்கள் பிரிவு காலியாகக் கிடக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். பழைய பம்புகளுக்கு ரிப்பேர் செட் கேட்டு ஆண்டுக்கு 6,000 ஆர்டர் வருகிறது, செய்ய ஆளும் லேத்தும் இல்லை என்று திருப்பி அனுப்புகிறோம். வால்வு பாடியை வெளியில் கொடுத்துவிட்டு அதைச் செய்தால்?"

ரிப்பேர் செட் ஒன்று 70-க்கு விற்கும். கூலி தவிர்த்த மாறும் செலவு 38. மிஞ்சுவது 32. ஆறாயிரம் செட்டுக்கு 1,92,000. வால்வு பாடியைச் செய்துகொண்டே இருப்பதால் இந்தப் பணம் கைவிட்டுப் போகிறது என்றால், அது செய்வதன் வாய்ப்புச் செலவு. 1,36,000-ஐ விட 1,92,000 பெரியது. அப்படியானால் வாங்குவதே மேல், 56,000 லாபம். அவர் காகிதத்தில் இப்படித்தான் எழுதிக் கொண்டுவந்தார்.

இங்கே ஒரே பொருளை இரண்டு முறை விற்கும் தவறு நடக்கிறது. முதல் கணக்கில் 5,96,000 மிஞ்சியது பிரிவை மூடியதால். செட் செய்ய வேண்டுமானால் பிரிவு மூடாது. சொந்த லேத்தும் மற்ற இயந்திரங்களும் வேண்டும், ஆகவே விற்க முடியாது: 20,000 மிச்சம் போயிற்று. மேற்பார்வையாளர் இங்கேயே இருக்க வேண்டும், கோக்கும் பிரிவுக்குப் புது ஆள் எடுத்தே ஆக வேண்டும்: 36,000 போயிற்று. கருவி சரிபார்ப்புத் தொடரும்: 15,000 போயிற்று. மொத்தம் 71,000 மிச்சத்தை முதல் கணக்கிலிருந்து திரும்ப எடுக்க வேண்டும். வாடகை லேத் மட்டும் போகலாம், செட்டுக்குச் சொந்த லேத் ஒன்றே போதும்.

கூலியில் நிலைமை கொஞ்சம் மாறுகிறது, அதுவும் நல்ல பக்கமாக. ஆறாயிரம் செட்டுக்கு நான்கு பேர் வேண்டும். எப்படியும் சம்பளம் வாங்கப்போகிற மூன்று நிரந்தரத் தொழிலாளிகள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கூடுதல் செலவு இல்லை. ஒரு ஒப்பந்தத் தொழிலாளி மட்டும் கூடுதல், 25,000. ஆகச் செட்டால் உண்மையில் வருவது 1,92,000-ல் 25,000-மும் 71,000-மும் போக 96,000.

1,36,000 நஷ்டத்தில் 96,000 ஈடாகிறது. இன்னும் 40,000 குறைகிறது. செட்டை ஏற்றுக்கொண்ட பிறகும் வால்வு பாடியைச் செய்வதே மேல், ஆனால் இடைவெளி சிறியது. ஒன்றுக்கு 2 குறைத்து 33-க்குத் தந்தால் சமமாகிவிடும்.

கொள்முதல் மேலாளர் திறமைசாலி. ஒரு வாரத்தில் 33 என்று எழுதி வாங்கி வந்துவிட்டார்.

லேத் உண்மையிலேயே நிரம்பியிருக்கிறதா?

இந்த இடத்தில் பல பேர் "இரண்டும் சமம், தரத்தையும் நம்பகத்தையும் பார்த்து முடிவு செய்யலாம்" என்று கோப்பை மூடிவிடுவார்கள். கணக்காளர் உற்பத்தி மேலாளரிடம் போய் ஒரு கேள்வி கேட்டார். "சார், ரிப்பேர் செட் செய்ய லேத் இல்லை என்கிறோமே, லேத் எத்தனை மணி நேரம் ஓடுகிறது?"

லேத் ஒன்றுக்கு ஆண்டில் 5,000 மணி, இரண்டுக்கும் 10,000. பராமரிப்பும் வேலைக்கு வேலை லேத்தை மாற்றி அமைக்கும் நேரமும் போக மிஞ்சுவது இது. அதைப் பிரித்துச் சொல்லக் காரணம் உண்டு, கடிகார நேரத்தை வைத்து உபரித் திறனைக் கணக்கிட்டால் இல்லாத நேரம் இருப்பதுபோலத் தெரியும். வால்வு பாடி ஒன்றுக்கு 0.4 மணி. இருபதாயிரத்துக்கு 8,000 மணி. 2,000 மணி நேரம் லேத் சும்மா நிற்கிறது.

செட் ஒன்றுக்கு 0.5 மணி. ஆறாயிரம் செட்டுக்கு 3,000 மணி வேண்டும். அதில் 2,000 மணி இன்றே கையில் இருக்கிறது. ஒரு வால்வு பாடியைக்கூட வெளியில் கொடுக்காமல் 4,000 செட் செய்யலாம்.

அப்படியானால் செட்டின் லாபம் முழுவதையும் வால்வு பாடியின் வாய்ப்புச் செலவாக எழுதியது தவறு. உபரித் திறன் இருக்கும்வரை ஒரு வேலை இன்னொரு வேலையைத் தள்ளிவிடுவதில்லை. தள்ளிவிடாத வேலைக்கு வாய்ப்புச் செலவு கிடையாது. வாய்ப்புச் செலவு தொடங்குவது 2,000 மணி தீர்ந்த பிறகு, நாலாயிரத்து ஒன்றாவது செட்டிலிருந்து.

பிறகு ஏன் ஆர்டரைத் திருப்பி அனுப்பினார்கள்? உண்மையில் குறைவாக இருந்தது ஆள். இருந்த எட்டுப் பேரும் வால்வு பாடியில் முழு நேரம் வேலையாக இருந்ததால், பட்டறையைப் பார்க்கிற யாருக்கும் பிரிவு நிரம்பி வழிவதுபோலத்தான் தோன்றும். இன்னொரு காரணமும் உண்டு. சும்மா நிற்கும் நேரம் மாதா மாதம் சமமாக வருவதில்லை. பம்பு அதிகம் விற்கும் மாதங்களில் லேத் நிற்பதே இல்லை, மற்ற மாதங்களில் நிற்கிறது. ஆர்டர் வந்தது நெருக்கடி மாதத்தில். ரிப்பேர் செட் கெட்டுப்போகிற சரக்கு இல்லை என்பதால் ஓய்வான மாதங்களில் செய்து இருப்பு வைக்கலாம். கெட்டுப்போகும் பொருளாகவோ ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி அளவில் செய்வதாகவோ இருந்திருந்தால் அந்த 2,000 மணியில் பாதிகூடப் பயன்பட்டிருக்காது.

சரி, கணக்கு. 4,000 செட், ஒன்றுக்கு 32, மொத்தம் 1,28,000. ஓர் ஆள் ஆண்டுக்கு 1,500 செட் செய்வார், ஆகவே மூன்று புதிய ஒப்பந்தத் தொழிலாளிகள், 75,000. மிச்சம் 53,000. லேத் வாடகை, மேற்பார்வை, சரிபார்ப்பு எதுவும் மாறவில்லை, அவை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவை.

ஆகக் கொள்முதல் மேலாளர் கொண்டுவந்த 33 எதனோடு சமம்? செட்டே செய்யாத பழைய நிலையோடு. அந்த நிலை இப்போது மேசையில் இல்லை. எல்லாவற்றையும் தானே செய்து 4,000 செட்டும் செய்யும் வழியோடு ஒப்பிட்டால் 35 விலையில் வாங்குவது 93,000 பின்தங்குகிறது. 33 விலையிலும் 53,000 பின்தங்குகிறது. சப்ளையர் 30.35 வரை இறங்கினால்தான் சமமாகும். செய்-வாங்கு கணக்குகளில் நான் அதிகம் பார்த்த பிழை எண்ணில் இருப்பதில்லை, ஒப்பிட எடுத்துக்கொண்ட நிலையில்தான் இருக்கிறது.

மிச்சம் 2,000 செட் ஆர்டர் இருக்கிறதே? அதற்கு 1,000 மணி வேண்டும், அதற்காக 2,500 வால்வு பாடியை மட்டும் வெளியில் வாங்கலாம். செட்டில் 64,000 வரும். வார்ப்பும் மின்சாரமும் ஒன்றுக்கு 18 வீதம் 45,000 மிஞ்சும். வாங்க 35 விலையில் லாரிக் கூலியோடு 90,000, சோதனை ஆளுக்கு 12,000. 2,500 பாடி குறைந்ததால் விடுபடும் ஓர் ஆள் செட்டுக்குப் போகிறார், கூலி மாறாது. கூட்டிக் கழித்தால் 7,000 லாபம். இருபதாயிரத்துக்குச் சொன்ன விலையை இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு யார் தருவார்கள்? 37.80-ஐத் தாண்டிவிட்டால் இந்த லாபமும் இல்லை. கேட்டுப் பார்க்கலாம், அதற்கு மேல் இதில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

பொதுச் செலவு எங்கே போகும்

வால்வு பாடியை வெளியில் கொடுத்திருந்தால் அந்த 1,20,000 என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது, ஏனென்றால் பாதிப்பு வெளியே தெரிவது இரண்டு ஆண்டு கழித்து, வேறொரு பொருளில்.

தொழிற்சாலையின் பொதுச் செலவு மொத்தம் 6,00,000. அதை ஆண்டுக்கு 1,00,000 உழைப்பு மணியின் மேல் பரப்புகிறார்கள், மணிக்கு 6. வால்வு பாடி ஒன்றுக்கு ஒரு மணி, அதனால்தான் தாளில் 6 இருந்தது. 20,000 மணி வெளியே போனால் அதே 6,00,000 மிச்சமுள்ள 80,000 மணியின் மேல் விழும், மணிக்கு 7.50. இரண்டு மணி நேரம் பிடிக்கும் வேறொரு பாகத்தின் அடக்கவிலை, அதில் எந்த மாற்றமும் செய்யாமலே, 3 ஏறிவிடும். அடுத்த ஆண்டு அந்தப் பாகத்துக்கு ஒரு விலைப்புள்ளி வரும், தாளைப் பார்த்தால் வெளியில் வாங்குவது மலிவாகத் தெரியும். அதையும் கொடுத்தால் மூன்றாவது பாகத்தின் மேல் சுமை ஏறும். ஒவ்வொரு முடிவும் தனியாகப் பார்த்தால் சரியாகத் தெரியும், கடைசியில் தொழிற்சாலையில் வேலையெல்லாம் போய்ப் பொதுச் செலவு மட்டும் நிற்கும்.

இது நடந்துகொண்டிருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எதையாவது வெளியில் கொடுத்து ஆறு மாதம் ஆனபிறகு பேரேட்டைத் திறந்து, நிற்கும் என்று எழுதிய ஒவ்வொரு செலவுக் கணக்கின் மொத்தத் தொகையும் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பொருளுக்கான விகிதத்தைப் பார்த்தால் தெரியாது. கூலிக் கணக்கு 1,25,000 குறைய வேண்டும் என்று எழுதிவிட்டு 50,000 மட்டும் குறைந்திருந்தால், மூன்று பேர் வேறு பிரிவில் பெயர் மாறி இன்னும் சம்பளம் வாங்குகிறார்கள் என்று பொருள்.

இந்தப் பதில் எத்தனை நாளைக்கு?

செய்வதே மேல் என்று வந்த முடிவு இந்த மூன்று ஆண்டுக்கானது. தவிர்க்கக்கூடியதா என்ற கேள்விக்குள்ளேயே காலம் இருக்கிறது. இன்று தவிர்க்க முடியாத நிரந்தரக் கூலி, அந்த மூவரும் ஓய்வு பெற்ற பிறகோ வேறு இடத்துக்குப் போன பிறகோ தவிர்க்கக்கூடியதாகிவிடும். சொந்த லேத்தும் மற்ற இயந்திரங்களும் மூன்று ஆண்டில் மாற்ற வேண்டிய நிலைக்கு வரும். பழைய இயந்திரத்துக்குக் கொடுத்த பணம் மூழ்கியது, ஆனால் இன்னும் வாங்காத புது இயந்திரத்தின் விலை மூழ்கவில்லை. புதியவற்றுக்கு 4,00,000, எட்டு ஆண்டு உழைக்கும் என்று வைத்தால் ஆண்டுக்கு 50,000.

அன்று கணக்குப் போட்டால் கூலி முழுவதும் 2,00,000, இயந்திரத்துக்கு 20,000-க்குப் பதில் 50,000. நின்றுபோகும் செலவு 7,01,000 ஆகும். 35 விலையில் வாங்கும் செலவு அதே 7,32,000. ஆண்டுக்கு 31,000 வித்தியாசம், ஒன்றுக்கு ஒன்றரை. இயந்திரத்தில் போடும் முதலுக்கு வட்டியும் சேர்த்தால் இன்னும் நெருங்கும், சப்ளையர் 33-லேயே நின்றால் வாங்குவது முந்திவிடும்.

சப்ளையரின் விலையும் காலத்தோடு மாறுவதுதான். அவர் 33 வரை இவ்வளவு வேகமாக இறங்கியது அவரிடமும் லேத் சும்மா நிற்கிறது என்பதைக் காட்டுகிறது. தன் நிலையான செலவை வேறு வாடிக்கையாளர்கள் சுமக்க, மாறும் செலவுக்கு மேல் கிடைப்பதெல்லாம் லாபம் என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம். அவருடைய பட்டறை நிரம்பிய நாளில் அந்த விலை இருக்காது. அதற்குள் இங்கே லேத்தைத் திருப்பிக் கொடுத்து, வால்வு பாடியைக் கடையத் தெரிந்தவர்களை அனுப்பியிருந்தால், பேரம் பேச எதுவும் மிஞ்சியிருக்காது. இதற்கு எண் போட முடியாது, ஆனால் மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் இரண்டாம் ஆண்டு விலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கலாம். கணக்காளர் படித்தார். மூலப்பொருள் விலை ஏறினால் ஏற்றலாம் என்று இருந்தது, இறங்கினால் என்ன என்று எதுவும் இல்லை.

மூவரும் சேர்ந்து உட்கார்ந்தபோது முடிவெடுக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வால்வு பாடி உள்ளேயே. மூன்று ஒப்பந்தத் தொழிலாளிகளை எடுத்து, ஓய்வான மாதங்களில் 4,000 ரிப்பேர் செட். சப்ளையரிடம் 2,500-க்குத் தனியாக ஒரு விலை கேட்பது. அப்புறம் கணக்காளர் கோப்பின் முதல் பக்கத்தில் மூன்று தேதிகளை எழுதினார்: வாடகை லேத்தைப் புதுப்பிப்பதா என்று சொல்ல வேண்டிய நாள், முதல் நிரந்தரத் தொழிலாளி ஓய்வு பெறும் நாள், சொந்த லேத்துக்கு அடுத்த பெரிய பழுதுபார்ப்பு வரும் நாள்.